கணக்கில் வராத தம்பி

தெருவே அவரை ‘மடிப்பு’ என்றுதான் கூப்பிடும். சட்டை மடிப்பில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் மனிதர் பாதி நேரம் இந்த உலகத்திலேயே இருக்கமாட்டார். இஸ்திரிப் பெட்டிக்கு அடியிலிருந்து ஆவி எழும்பினால் அதற்குள் யாரையோ பார்த்தபடி நின்றுவிடுவார். துணி தீயாமல் தப்பிப்பது துணியின் அதிர்ஷ்டம்.

அவர் பார்ப்பது செத்துப்போன இரண்டு பேரை. அக்கா, ஒரு மகளையும் மகனையும் விட்டுவிட்டுப் போனாள். தம்பி கல்யாணமே ஆகாமல் போனான். அப்பாவின் வீட்டில் ஒரே அளவில் மூன்று அறைகள்: தெருவைப் பார்த்ததில் இஸ்திரிக் கடை, நடுவில் தம்பியின் அறை, கடைசியில் அக்காவின் அறை. நடு அறை பூட்டியே கிடந்தது. உள்ளே தம்பி தூங்குகிறான் என்றே அவருக்குத் தோன்றும். அந்தப் பக்கம் பூனை மாதிரி நடப்பார்.

அம்மா எப்போதோ போய்விட்டாள். இப்போது அப்பாவும் போனார், உயில் எதுவும் எழுதாமல். தையல் வேலை பார்க்கும் அக்கா மகள் மாமாவை வக்கீலிடம் கூட்டிப்போனாள்.

“மூணு பிள்ளைங்க, மூணு அறை. கணக்கு சுலபம் சார்” என்றார் மடிப்பு.

“பங்கு ரெண்டுதாங்க” என்றார் வக்கீல். “உங்களுக்குப் பாதி. அக்கா இல்லாட்டியும் அவங்க பிள்ளைங்க இருக்காங்க. அக்காவுக்கு வர வேண்டிய பாதியை அவங்க ரெண்டு பேரும் சமமா எடுத்துப்பாங்க, ஆளுக்குக் கால்.”

“தம்பிக்கு?”

“அப்பாவுக்கு முன்னாடியே போயிட்டாரு. அவருக்குன்னு பிள்ளைகளும் இல்ல. அவர் பேர்ல பங்கு வராதுங்க.”

“அப்போ அவன் பொறக்கவே இல்லையா சார்?”

வக்கீல் அடுத்த கட்டை எடுத்துப் பிரித்தார்.

வீடு திரும்பியதும் அவர் அக்கா மகளிடம் கெஞ்சினார். “பங்குக்கு ஒண்ணரை அறை வருது. நடு அறையைப் பிரிக்க வேணாம்மா. முன் அறையையும் நீங்களே வச்சுக்கங்க. இதை மட்டும் எனக்கு விட்டுடுங்க.”

“கடையைக் குடுத்துட்டு வயித்துக்கு என்ன பண்ணுவீங்க மாமா? சுவரெல்லாம் எழுப்ப வேணாம். பாதி உங்களுது, பாதி எங்களுது, அப்படியே இருக்கட்டும். நான் இங்கயே மிஷினைப் போட்டுத் தைக்கிறேன். கதவைத் திறங்க.”

திறந்தார். வெயிலில் தூசி மிதந்தது. கட்டில் காலியாக இருந்தது. அது காலிதான் என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

“சின்ன மாமா எப்படி இருப்பாரு? நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாரே, பார்த்ததே இல்ல” என்றாள்.

சொல்ல வாயைத் திறந்தார். முகம் வரவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை. நடை மட்டும் ஞாபகம் இருந்தது. ஒரு தோளைச் சாய்த்து, எதையோ மறந்துவிட்டவன் மாதிரி பாதியில் நின்று, திரும்பவும் கிளம்புகிற நடை. அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு அப்படியே நடந்து காட்டினார்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

“அய்யோ மாமா, என் தம்பி அப்படித்தான் நடப்பான்!”