திருப்பிக்காட்டு

திருப்பிக்காட்டு என்கிற பேரை நான் முதன்முதலில் கேட்டது உரக்கடையில். எனக்கு முன்னால் நின்றவர் செல்போனைக் கடைக்காரர் முகத்துக்கு நேரே நீட்டி, "இந்த இலைக்கு என்ன அடிக்கலாம்?" என்று கேட்டார். கடைக்காரர் போனைப் பார்க்கவே இல்லை.

"திருப்பிக்காட்டுகிட்ட அனுப்பினியா?"

"அனுப்பினேன்."

"என்ன சொன்னா?"

"திருப்பிக் காட்டச் சொன்னா."

கடையே சிரித்தது. யாரோ வாயாடி போலிருக்கு என்று நானும் சேர்ந்து சிரித்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்து, "நீங்க எதுக்குச் சிரிக்கிறீங்க? உங்க தங்கச்சி மகதானே அது?" என்றார். என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பேர் எந்தக் கடலைக்காட்டில் முளைத்தது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் நாலு பேர். மூத்தவள் நான். எனக்கு அடுத்தவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டாள். அப்புறம் தம்பி. கடைசியில் இவளைப் பெற்ற தங்கச்சி. தங்கச்சிக்கு மூன்றும் பெண், இவள் நடுப்பெண். மூக்கு எங்கள் அப்பா வழி. பிடிவாதம் யார் வழி என்று நான் சொன்னால் தங்கச்சி புருஷன் வீட்டார் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

பயிருக்கு வரும் நோயைப் பற்றிப் படித்தாள். படித்து முடித்ததும் நகரத்தில் ஓர் உதவி அறையில் வேலை கிடைத்தது. விவசாயிகள் போனில் போட்டோ அனுப்புவார்கள். இவள் பார்த்து, என்ன நோய், என்ன செய்யணும் என்று பதில் சொல்லணும். நான் ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறேன். இரண்டு மேசை, மூடவே மூடாத ஒரு ஜன்னல், காற்றைவிடச் சத்தம் அதிகமாய்த் தரும் ஒரு மின்விசிறி. பக்கத்து மேசைக்காரர் பூச்சிக்கு, இவள் நோய்க்கு. வருகிற போட்டோவில் பாதி ஆடிப்போயிருக்கும், மீதியில் செடியைவிட ஆள் பெரிதாய் இருப்பார். "பெரியம்மா, இதுல நோய் எங்க இருக்குன்னு நீங்களே சொல்லுங்க" என்று ஒன்றைக் காட்டினாள். நான் பார்த்தவரை ஒரு மாடுதான் தெரிந்தது.

அந்தப் பேர் வந்த வருஷம் தம்பி போட்ட கடலை விதைக்கென்று வைத்தது. அதற்கு முந்தின போகம் வெளியே வாங்கிய விதை பாதிக்குமேல் முளைக்காமல் மண்ணுக்குள்ளேயே அழுகிப்போனது. இனிமேல் என் விதை என் காட்டிலிருந்துதான் என்று ஒற்றைக் காலில் நின்றான். பருப்பு நன்றாக முற்றி நிறைந்தால்தான் அது விதை. சூம்பிப்போனால் வறுத்துத் தின்னலாம், அவ்வளவுதான்.

செடி தளதளவென்று இருந்தது. வானம் சில நாளாய் மூடிக்கொண்டு தூறல் விட்டு விட்டு விழுந்தது. அப்போதுதான் இலைமேல் மஞ்சள் மஞ்சளாய்ச் சின்னப் புள்ளி. நடுவில் ஒரு பழுப்புப் பொட்டு. தம்பி ஒரு போட்டோ எடுத்து, கூடவே பேசிப் பதிவுபண்ணியும் அனுப்பினான். காற்று வேறு ஊளையிட்டது. அவள் சாயங்காலம் பதில் சொன்னாள்.

"மாமா, இது இலைப்புள்ளி. பழுப்புப் புள்ளியைச் சுத்தி மஞ்சள் வளையம் தெரியுது. ஒரு மாசப் பயிர்ல வர்றதுதான். பயப்படாதீங்க." ஒரு மருந்துப் பேரும் சொன்னாள். அது என் வாயில் நுழையாது.

தம்பி வாங்கி அடித்தான். ஒரு வாரம் போனது. புள்ளி குறையவில்லை, பக்கத்துப் பாத்திக்கும் நடந்து போனது. கீழ் இலைகள் ஓரத்திலிருந்து காய்ந்து கருகின.

"உன் தங்கச்சி மக படிச்சது போதுமா, இன்னும் கொஞ்சம் படிக்கணுமா?" என்று என்னிடம் கேட்டான். அவனுக்கும் தங்கச்சி மகள்தான். கோபம் வந்தால் சொந்தத்தையெல்லாம் என் பேரில் எழுதிவிடுவான்.

நானே போன் போட்டுக் கொடுத்தேன். நல்ல வெயில் நேரம். காட்டு நடுவில் நின்றோம். அவள் குரலிலேயே அலுப்பு தெரிந்தது. காலையிலிருந்து எத்தனை இலையைப் பார்த்தாளோ.

"மாமா, மேலேர்ந்து எடுத்ததை வச்சு ஒண்ணும் சொல்ல முடியல. இலையோட அடிப்பக்கம் எடுத்து அனுப்புங்க."

தம்பி குனிந்தான். செடியின் அடியில் இருந்த இலைகளை வரிசையாய் எடுத்து அனுப்பினான்.

"மாமா, இது அடி இலை."

"நீதானே அடி கேட்ட?"

"அடி இலை இல்ல மாமா, இலையோட கீழ்ப்பக்கம்!"

தம்பி என் முகத்தைப் பார்த்தான். "கீழ்ப்பக்கமாம்" என்று முனகிக்கொண்டே காட்டின் கீழ்க்கோடிக்கு நடந்தான். எங்கள் காடு சரிவாய்ப் போகும். மேல்பக்கம், கீழ்ப்பக்கம் என்றால் எங்களுக்கு அதுதான். வரப்பில் ஒருமுறை வழுக்கி உட்கார்ந்து, எழுந்து, கீழ்க்கோடியில் நாலு போட்டோ எடுத்து அனுப்பினான். திரும்பி வரும்போது மூச்சு வாங்கியது.

போன் அடித்தது. "மாமா, எல்லாப் போட்டோவுலயும் உங்க கட்டைவிரல்தான் தெளிவா இருக்கு. அதுக்கு நோய் எதுவும் இல்ல. நான் கேட்டது இலை!"

"இலையைத்தான் அனுப்பினேன், கீழ்ப்பக்கத்து இலை!"

"ஐயோ மாமா, இலைக்கு அடியில!"

"எத்தனை அடிதான் வச்சிருக்க நீ?" என்று கத்தினான் தம்பி. கத்திவிட்டுத் தரையில் மண்டியிட்டு, ஒரு செடியை ஒரு கையால் ஒதுக்கி, போனை மண்ணோடு மண்ணாய் வைத்து, இலைக்கு அடியில் என்ன இருக்கிறதோ அதையெல்லாம் எடுத்தான். தண்டு, மண், வேர்க்கால், ஓர் எறும்பு. "இதுக்கு மேல அடியில போகணும்னா குழி தோண்டணும்னு சொல்லு" என்று போனை என் கையில் திணித்தான்.

எடுத்ததையெல்லாம் நான் அனுப்பினேன். அப்புறம் அவளே கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது.

"பெரியம்மா, ஸ்பீக்கர்ல போடுங்க. மாமா, மண்ணுக்குள்ள விழுது இறங்கியிருக்கே."

"இறங்காம? கடலைச் செடி பின்ன ஆகாசத்துலயா விழுது விடும்?"

"ஓரத்துல மண்ணு விலகின இடத்துல காய் தெரியுது. பிடிச்சு ஊதியிருக்கு."

"ரெண்டு மாசம் தாண்டின பயிர்ல காய் பிடிக்காதா?"

"ரெண்டு மாசமா? ஒரு மாசம்னு சொன்னீங்களே மாமா!"

"களையெடுத்து ஒரு மாசம்னு சொன்னேன்!"

அவள் அந்தப் பழைய பேச்சை மறுபடி ஓட்டிப் பார்த்தாள் போல. எங்களுக்கும் அது லேசாய்க் கேட்டது. காற்று ஊளை, அதற்குள் தம்பி குரல்: "…ஒரு மாசம் ஆச்சும்மா." களையெடுத்ததைக் காற்று கொண்டுபோய்விட்டது. தம்பிக்கு எல்லாக் கணக்கும் களையிலிருந்துதான். பிள்ளை பிறந்ததைக்கூட எந்தக் களைக்குப் பிறகு என்றுதான் சொல்லுவான். அது அவளுக்கும் தெரிந்ததுதான். அந்த அறையில் உட்கார்ந்தபோது மறந்துவிட்டது.

"ஒரு மாசப் பயிர்னுதான் அந்தப் புள்ளின்னு நினைச்சேன். ரெண்டு மாசத்துக்கு மேலன்னா கதையே வேற. ஒண்ணு, பின்னால வர்ற கரும்புள்ளியா இருக்கணும். இல்லன்னா துரு நோய். ரெண்டும் சேர்ந்தும் வரும்." அனுப்பின போட்டோவை இன்னொரு தரம் பார்த்தாள் போல. "மாமா, தரையில உதிர்ந்த இலை ஒண்ணுகூட இல்லையே."

நான் சுற்றிப் பார்த்தேன். உண்மைதான். காய்ந்த இலையெல்லாம் செடியிலேயே ஒட்டிக்கொண்டு தொங்கியது. மண் சுத்தமாய் இருந்தது.

"புள்ளின்னா இந்நேரம் இலை கொட்டி மண்ணை மூடியிருக்கும். துருன்னா கருகினாலும் விழாது. இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கணும் மாமா. சட்டையை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்புவீங்கல்ல? ஒரு இலையைப் பறிச்சு அந்த மாதிரி திருப்பிக் காட்டுங்க. திருப்பி! திருப்பிக் காட்டுங்க மாமா!"

கடைசி வார்த்தைக்கு அவள் கத்திய கத்தலில் பக்கத்துக் காட்டில் மருந்து அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பேர் அங்கேதான் பிறந்தது.

தம்பி ஓர் இலையைப் பறித்துத் திருப்பினான். அத்தனை நாளும் நாங்கள் இரண்டு பேருமே திருப்பிப் பார்த்ததில்லை. இலையின் முதுகு முழுக்கச் செங்கல் நிறத்தில் குண்டூசித் தலை மாதிரி கொப்புளம் கொப்புளமாய் வெடித்திருந்தது. நான் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

"கறுப்பா இருந்தா புள்ளி. இது செம்பழுப்பு. விரலால தேயுங்க."

தேய்த்தான். விரலெல்லாம் பழுப்புப் பொடி, பழைய தகரத்தைத் தடவின மாதிரி.

"இப்ப அந்தக் கட்டைவிரலையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க மாமா" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. "துருதான். நான் சொன்ன மருந்து புள்ளிக்குக் கேக்கும், துருவுக்குக் கேக்காது. நாள் வீணாப் போச்சு."

"முதல்லயே திருப்புன்னு சொல்லியிருந்தா?"

"முதல்லயே விதைச்ச கணக்கைச் சொல்லியிருந்தா?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வைத்துவிட்டார்கள். போன் என் கையில்தான் இருந்தது, எப்படி வைத்தார்களோ.

அன்றைக்கே துருவுக்குக் கேட்கிற மஞ்சள் பொடி வாங்கிக் கரைத்து அடித்தான். இலையின் முதுகிலும் படணும் என்று அவள் சொல்லியிருந்ததால் கைத்தெளிப்பானைக் கீழிருந்து மேலாய்ப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தான். கருகின இலை பச்சையாகாது, இனிமேல் வரும் இலையைத்தான் காப்பாற்றலாம் என்று அவள் என்னிடம் தனியாகச் சொன்னாள். மாமாவிடம் நீங்களே சொல்லிடுங்க என்றாள். நான் சொன்னேன். அவன் கேட்காத மாதிரி நடந்து போனான்.

காட்டின் மேல்பக்கம் தப்பியது. நோய் முதலில் பிடித்த கீழ்ப்பக்கம், அவன் வழுக்கி விழுந்து போட்டோ எடுத்த அதே இடம், தப்பவில்லை. பிடுங்கி உடைத்துப் பார்த்தால் ஓடு பெரிசாய் இருந்தது, உள்ளே பருப்பு சுருங்கிக் கிடந்தது. மேல்பக்கத்துக் கடலையைப் பிரித்து விதைக்கு எடுத்து வைத்தான். பாதிக் காட்டுக்குத்தான் வந்தது. மீதிப் பாதிக்கு மறுபடி வெளியேதான் வாங்கினான்.

தங்கச்சி மகளோடு இன்றைக்கும் பேசுவதில்லை. போட்டோ மட்டும் அனுப்புகிறான். மேலே ஒன்று, திருப்பி ஒன்று, விதைத்த தேதியைச் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிய ஒரு பலகை. வணக்கம்கூடச் சொல்வதில்லை. அவளும் "கிடைச்சுது மாமா" என்று போட்டு, பதிலை எனக்கு அனுப்புகிறாள். நடுவில் நான் தபால்காரி.

யார் இலை அனுப்பினாலும் அவள் முதலில் கேட்பது அந்த ஒரு வார்த்தைதான். எத்தனை கிண்டல் செய்தாலும் கேட்கிறாள். திருப்பாமல் அனுப்புகிறவர்கள் இன்னும் நிறையப் பேர். அவள் இப்போதும் அதே அறையில் இருக்கிறாள், மூடாத ஜன்னலுக்குப் பக்கத்து மேசையில்.