இடப்பக்கம் திரும்பாத வண்டி

ஜெயபாரதியின் வேலை சக்கரங்களைத் திருப்புவது. அடையாறில் ஒரு வீட்டின் கார் ஷெட்டில் நடந்த சிறு கம்பெனியில் இன்ஜினியராக இருந்தாள். கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டிலிருந்து நடந்தே வருவாள். 1996-இல் அவள் செய்த வண்டி ஒரு பெரிய சூட்கேஸ் அளவு இருக்கும். நான்கு சக்கரம், முன்னால் கேமரா, பின்னால் நீளக் கேபிள். ஆள் நுழையக் கூடாத மழைநீர் வடிகாலுக்குள் ஆளுக்குப் பதில் அது போக வேண்டும்.

முன்சக்கரங்களைத் திருப்புவது செர்வோ என்னும் சிறு மோட்டார். அதன் பல் வைத்த தண்டில் ஒரு கை பொருத்தியிருக்கும். கையிலிருந்து போகும் கம்பி சக்கரங்களை இழுக்கும், தள்ளும். சக்கரங்கள் நேராக இருக்கும்போது கை கம்பிக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். அப்போதுதான் இரண்டு பக்கமும் ஒரே அளவு திரும்பும். ஆனால் அப்படி வைத்தால் கை பேட்டரிப் பெட்டியில் இடித்தது. ஜெயபாரதி கையைக் கழற்றி இரண்டு பல் தள்ளிப் பொருத்தினாள். கம்பியின் நீளத்தை மாற்றிச் சக்கரங்களை நேராக்கினாள். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

முதல் ஓட்டத்துக்கு முதலாளி ராகவேந்திரன் ஷெட் நடுவில் பிள்ளையாரை வைத்தார். "பிரதக்ஷிணமா விடு. முதல் தடவையே அப்பிரதக்ஷிணமா சுத்தப்படாது."

வண்டி வலமாக, அறுபத்தைந்து சென்டிமீட்டர் ஆரத்தில் அழகாகச் சுற்றியது. பிறகு வந்தவர்களுக்கெல்லாம் அதே சுற்றைத்தான் காட்டினார்கள். இடமாக யாரும் விடவில்லை.

தி. நகரில் ஒரு ஜவுளிக்கடைக்குப் பின்னால் வடிகால் மூடியைத் திறந்தபோது வானம் கறுத்திருந்தது. வடிகால் ஆள் கபாலி கயிற்றில் அரிக்கேன் விளக்கை இறக்கினான். பாதி ஆழத்தில் அது அணைந்தது. உள்ளே மூச்சுவிடக் காற்று இல்லை.

"மூச்சு வுடாத வண்டி, யக்கா. ஜம்முனு போவும்" என்றான் கபாலி.

போயிற்று. உள்ளே ஒரே ஒரு வளைவு, வலப்பக்கம். அதற்கு எண்பது சென்டிமீட்டர் ஆரம் போதும். வளைவைத் தாண்டி, கோடியிலிருந்த தொட்டியில் இடப்பக்கம் சற்று ஒதுங்கி, வலமாக வட்டமடித்துத் திரும்பியது. வரும்போது அதே வளைவு இடப்பக்கமானது. டிவி திரையில் சுவர் நெருங்கிக்கொண்டே வந்தது. பிறகு சுவர் மட்டுமே தெரிந்தது.

"இன்னும் ஒடி" என்றார் ராகவேந்திரன்.

"முழுசா ஒடிச்சாச்சு சார்."

ஜெயபாரதிக்குப் புரிந்தது. செர்வோ தன் எல்லையைத் தொட்டுவிட்டது. தள்ளி வைத்த இரண்டு பல், இடப்பக்கத் திருப்பத்தைத் தின்றுவிட்டது. வலமாக முப்பது டிகிரிக்கு மேல் திரும்பும் சக்கரம், இடமாக இருபதுகூடத் திரும்பவில்லை. இடப்பக்கம் அந்த வண்டிக்கு ஒரு மீட்டருக்கு மேல் ஆரம் வேண்டும். வளைவில் அவ்வளவு இடம் இல்லை.

முதல் தூறல் விழுந்தது.

"மழை புடிச்சா வண்டி அடைச்சுக்கும், தெரு பூரா தண்ணி நிக்கும்" என்றபடி கபாலி இடுப்பில் கயிற்றைக் கட்டினான். "போய் இஸ்துக்கினு வந்துர்றேன்."

"வேணாம் கபாலி."

"கேமரா நம்மளது இல்லைம்மா, இரவல் வாங்கிண்டு வந்தது" என்றார் ராகவேந்திரன், கபாலியைப் பார்க்காமல்.

கபாலி ஒரு காலை உள்ளே இறக்கிவிட்டான். ஜெயபாரதி அவன் கயிற்றை இறுகப் பிடித்தாள்.

"இருங்க! வலமா திரும்பித்தானே உள்ள போச்சு? அதே தடத்துல பின்னாலயே வந்தா, வளைவுல சக்கரம் மறுபடி வலமாத்தான் இருக்கணும். இடமா ஒடிக்கவே வேணாம்."

"பின்னால கண்ணு ஏது?"

"தேவையில்ல சார். கேபிள் போன வழியிலயே கிடக்கு. கபாலி அதை இழுக்க இழுக்க அந்த வழியிலயே வரலாம்."

சுவரை விட்டு விலகித் தொட்டிவரை பின்னுக்கு எடுத்தாள். வலப்பக்கம் ஒடித்துப் பின்னுக்கே விட்டாள். போட்ட வட்டம் அவிழ்ந்தது. வடிகால் வாய் பின்பக்கம் வந்தது. கபாலி கேபிளைத் தளர்வில்லாமல் மெல்ல இழுத்தான். வளைவில் மறுபடி முழு வலம். திரையில் சுவர் வழுக்கிக்கொண்டு விலகிப் போயிற்று. உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.

வண்டியின் பின்பக்கம் வெளிச்சத்துக்கு வந்தபோது தெரு நனைந்துவிட்டது.

"நாளைக்கே பேட்டரிப் பெட்டியை நகர்த்திக் கையைச் செங்குத்தா வெக்கறேன். ரெண்டு பக்கமும் ஓட்டிப் பார்க்காம இனி கொண்டு வரமாட்டேன்" என்றாள் ஜெயபாரதி.

"வை. அடுத்த வாரம் மயிலாப்பூர். அங்க வளைவு இன்னும் குறுகல்ங்கறா. நாப்பத்தஞ்சோ என்னமோ."

முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடு இடைவெளி நாற்பது சென்டிமீட்டர். நாற்பத்தைந்தில் வளைய நாற்பது டிகிரிக்கு மேல் ஒடிக்க வேண்டும். அவ்வளவு ஒடித்தால் சக்கரம் சட்டத்தில் முட்டும்.

"செங்குத்தா வெச்சாலும் அதுல திரும்பாது, சார்."

"பாத்துக்கலாம். ஒத்துண்டாச்சு."

கபாலி சிரித்தான். "திரும்பாட்டி இன்னா? இந்த வண்டி திரும்பும்" என்று தன் தொடையைத் தட்டினான்.

இடுப்புக் கயிற்றை அவன் இன்னும் அவிழ்க்கவில்லை.