டாக்டர் ஹோஃப்மன் காத்திருந்த நேரம்

கோட்டைமேட்டு சஃபியா, கணபதி பகுதியில் அங்கப்பனின் இரும்பு வார்க்கும் பவுண்டரியில் கடிதங்கள் எழுதும் வேலை பார்த்தாள். ஆர்டர் இல்லாமல் பவுண்டரி மூடும் நிலையில் இருந்தது. மாதிரிகளை வாங்கிப் பார்த்த ஜெர்மன் கம்பெனி ஒன்றுதான் மிச்சமிருந்த நம்பிக்கை.

அங்கே முடிவெடுப்பவர் டாக்டர் யூர்கன் ஹோஃப்மன்.

"மிஸ்டர் யூர்கன்னு போடுங்க அம்மணி. குடும்பப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா மருவாதியா இருக்காதுங்க" என்றார் அங்கப்பன். அப்படியே ஃபேக்ஸ்கள் போயின. பதிலே இல்லை. ஒருநாள் போன் செய்தபோது, செயலாளர் அம்மா "டாக்டர் ஹோஃப்மன்" என்று இரண்டு முறை அழுத்திச் சொன்னார். சஃபியாவுக்குப் புரிந்தது. பட்டத்தோடு குடும்பப் பெயரை எழுதினாள். பதில் வந்தது: மார்ச் கடைசித் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பேசலாம், பிறகு வெளியூர் போகிறேன், அன்றே முடிவு.

அங்கே பத்து என்றால், அவள் கணக்கில் இங்கே மதியம் இரண்டரை. அந்த நேரத்துக்குச் சரியாகப் போன் போட்டாள்.

"டாக்டர் ஹோஃப்மன் காத்திருந்துவிட்டுக் கிளம்பிவிட்டார். இங்கே மணி பதினொன்று. நேற்றிலிருந்து கோடைக்கால நேரம், கடிகாரம் ஒரு மணி முன்னே" என்றார் செயலாளர் அம்மா.

சஃபியா சொன்னதைக் கேட்டு அங்கப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கடியாரத்தையே நகத்தி வெப்பாங்களா அம்மணி?"

"ஆமாங்க. எனக்குத் தெரியாமப் போச்சுங்க."

வெளியே ஆட்கள் பதிலுக்காக நின்றிருந்தார்கள். அவர் எழுந்து போகவில்லை. அவள் மன்னிப்புக் கேட்டு ஃபேக்ஸ் அடிக்கத் தொடங்கினாள். பட்டமும் பெயரும் இம்முறை சரியாக இருந்தன. படிக்கத்தான் அங்கே ஆள் இல்லை.