எட்ட நின்று படிக்கும் வரி

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. அச்சகத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கால் தரையில் பாவாமல் கணினிக்கும் அச்சு இயந்திரத்துக்கும் நடுவே சுற்றிக்கொண்டே இருக்கிறாளே என்று மிஷின்காரர் ஒருநாள் 'சக்கரம்' என்றார். அது ஒட்டிக்கொண்டது. வீட்டில் மாமனார்கூட அப்படித்தான் கூப்பிடுவார், அதுவும் மரியாதையோடு: "சக்கரம், காப்பி குடிச்சிட்டீங்களாம்மா?"

சுவரொட்டி வடிவமைப்பதுதான் அவள் வேலை. ஊரில் பாதிப் பேர் தமிழ் படிப்பார்கள், பாதிப் பேர் ஆங்கிலம் படிப்பார்கள். அதனால் எந்தச் சுவரொட்டியானாலும் இரண்டு மொழியிலும் வேண்டும். வருகிற வாடிக்கையாளர் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். ஆங்கிலம் பெரிதாக, அழகாக. தமிழ் எங்கேயாவது மிச்ச இடத்தில். "இடம் பத்தலைன்னா கொஞ்சம் அமுக்கிடுங்களேன்" என்பார்கள். சக்கரத்துக்கு மூக்கின் மேல் கோபம் வந்துவிடும். "தமிழ் எழுத்துக்கு வயிறு இருக்கு சார். ணகரத்தைப் பாருங்க, எத்தனை சுழி. பக்கவாட்டுல அமுக்கினா எல்லாம் ஒட்டிப்போகும். உங்க கடைப் பேரைப் படிக்கணுமா, வேண்டாமா?" இப்படிக் கேட்டு இரண்டு மூன்று நல்ல வாடிக்கையாளர்களை அவள் பக்கத்து அச்சகத்துக்குத் தாரை வார்த்திருக்கிறாள். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போனார், வேலை சுத்தமாக இருந்ததால்.

அப்படிப்பட்டவள்தான் அன்றைக்கு அந்தக் காரியத்தைச் செய்தாள்.

மாமனாருக்கு நினைவு தப்பத் தொடங்கி இரண்டு வருஷமாகிறது. பார்த்தால் தெரியாது. பளிச்சென்று சவரம் செய்துகொள்வார், இஸ்திரி போட்ட சட்டையைத்தான் உடுத்துவார், யாரிடமும் நயமாகப் பேசுவார். திடீரென்று எழுந்து "வீட்டுக்குக் கிளம்பறேன்" என்பார், அவ்வளவுதான். அவர் சொல்வது சின்ன வயதில் இருந்த வீட்டை. அதை இடித்துக் கார் நிறுத்துமிடமாக்கிப் பல காலமாகிவிட்டது. அதனால் வாசல் கதவின் வெளிப்பக்கம், அடியில் ஒரு தாழ்ப்பாள் வைத்திருந்தார்கள். குனிந்து போட வேண்டும். அன்று காலை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அதைப் போட மறந்தவள் சக்கரம்.

மாமனார் கிளம்பிப் போய்விட்டார். கணவன் அதற்காகத் திட்டித் தொலைத்திருந்தால்கூட அவளுக்குத் தேவலை. காவல் நிலையத்தில் சொல்லியாயிற்று, தெருத்தெருவாகத் தேடியாயிற்று. மதியம் இருவரும் அச்சகத்துக்கு வந்தார்கள். அவள் கணினி முன் உட்கார, அவன் பின்னால் நின்றுகொண்டு நாற்காலியை ஆட்டினான்.

"சீக்கிரம் போடு. மிஸ்ஸிங்னு பெருசா போடு. சிவப்புல போடு."

"போடறேன், இருங்க."

"எதுக்கு எழுத்தை மாத்தி மாத்திப் பாத்துட்டு இருக்க? ஏதோ ஒண்ணு போடேன்!"

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கணினியில் பழைய தள்ளுபடி விற்பனைச் சுவரொட்டி ஒன்று கிடந்தது. அதைத் திறந்து அதன்மேலேயே அடித்தாள். சிவப்புப் பின்னணி. தடித்த, ஒடுங்கிய ஆங்கில எழுத்தில் தலைப்பு. நடுவில் மாமனாரின் படம், அடியில் தொலைபேசி எண். அதற்கும் கீழே மிஞ்சிய பட்டையில் இரு மொழியிலும் ஒரே செய்தி: 'வீட்டுக்குப் போகிறேன் என்பார். தனியே அனுப்பிவிடாதீர்கள்.' ஆங்கில வரி பட்டைக்குள் அடங்கியது. தமிழ் வரி வெளியே நீண்டது. நீளாமல் என்ன செய்யும்? அவள் வரியின் ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளினாள். எழுத்துகள் ஒல்லியாயின, வரி அடங்கியது. கண்ணில் படட்டும் என்று அதைத் தடிமனாகவும் ஆக்கினாள். திரையில் பெரிதாக்கி வைத்திருந்ததால் ஒவ்வொரு எழுத்தும் நன்றாகத் தெரிந்தது. மிஷின்காரர் கையில் இருந்த மெல்லிய தாளிலேயே அடித்துத் தள்ளினார். அன்று மாலைக்குள் ஊர்ச் சுவரெல்லாம் மாமனார்.

பொழுது சாயும் முன்பே கணவனின் தொலைபேசி அடித்தது. பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் அம்மாள். சக்கரம் பிடுங்காத குறையாக வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

"உங்க போஸ்டர் எதிர்ச் சுவத்துல இருக்கும்மா. அதே சாயல்ல ஒருத்தர் வந்தார். நீங்க காணாமப் போனவரான்னே கேட்டேன். சிரிச்சிட்டு, நானா? நான் வீட்டுக்குல்ல போயிட்டு இருக்கேன்னார். சட்டை துணியெல்லாம் அவ்வளவு சுத்தம். சரி, வேற யாரோன்னு நினைச்சு பஸ் ஏத்தி விட்டுட்டேன். அப்புறம் மனசு கேக்கலை."

"கீழே எழுதியிருந்ததைப் படிக்கலையாம்மா?"

"கீழே என்ன எழுதியிருந்துச்சு?"

 இருவரும் பேருந்து நிலையத்துக்கு ஓடினார்கள். அதற்குள் அந்த அம்மாள் சொல்லி, பேருந்தை வழியில் நிறுத்திப் பார்த்துவிட்டார்கள். அவர் பாதியிலேயே இறங்கிவிட்டாராம், எந்த நிறுத்தம் என்று யாருக்கும் நினைவில்லை. கணவன் அடுத்த பேருந்தில் ஏறிப் போனான். சக்கரம் டிக்கெட் ஜன்னல் பக்கத்தில் நின்று, சாலைக்கு அப்பால் தன் சுவரொட்டியைப் பார்த்தாள்.

மிஸ்ஸிங் தெரிந்தது, படம் தெரிந்தது, எண் தெரிந்தது. ஆங்கில வரி முழுக்கக் கேப்பிடல் எழுத்திலேயே இருந்ததால் செங்கல் அடுக்கியதுபோல் நின்றது, முயன்றால் படிக்கலாம். தமிழ் வரி இருந்த இடத்தில் சிவப்பின் மேல் வெள்ளையாக ஒரு கோடுதான் இருந்தது. மெல்லிய தாளில் சிவப்பு மை கசிந்து வெள்ளை எழுத்தின் ஓரங்களைத் தின்றிருந்தது. சுழிகள் எல்லாம் அடைத்துப்போயிருந்தன. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்த வாய், சொந்த வீட்டு மனிதருக்கு மட்டும் எழுத்தின் கழுத்தை நெரித்துவிட்டதே! தாழ்ப்பாளை மறந்ததைக்கூட மன்னித்துவிடலாம், இதை எப்படி மன்னிப்பது?

அச்சகத்துக்குத் திரும்பியவள் அந்தக் கோப்பை மூடினாள். வெற்றுத் தாளிலிருந்து தொடங்கினாள்.

இந்த முறை தமிழை முதலில் வைத்தாள். அதன் வரியைத் தள்ளவுமில்லை, இழுக்கவுமில்லை. இரண்டு வரியாக உடைத்தாள். மேலே வளையும் இகர ஈகாரக் கொக்கிகளுக்கும், கீழே தொங்கும் உகரக் காலுக்கும் இடம் விட்டு வரிகளைத் தள்ளி வைத்தாள். இரண்டு மொழிக்கும் சேர்த்தே வரைந்த எழுத்துருக் குடும்பம் ஒன்று அவளிடம் இருந்தது. கோடுகள் ஒரே சீரான தடிமன், சுழிகள் நன்றாகத் திறந்தவை. இரண்டுக்கும் ஒரே அளவு எண்ணைக் கொடுத்தால் போதும் என்று அதிலும் அவள் நம்பிவிடவில்லை. ஆங்கிலத்தின் சின்ன எழுத்துக்குப் பக்கத்தில் தமிழின் டகரத்தையும் பகரத்தையும் நிறுத்திப் பார்த்து, கண்ணுக்குச் சமமாகப் படும்வரை அளவை மாற்றினாள். ஆங்கிலம் கொஞ்சம் தடித்திருக்கலாம். தமிழ் அதைவிட ஒரு படி மெலிந்தால்தான் சுழி திறந்திருக்கும். ஆங்கில வாக்கியத்தைக் கேப்பிடலிலிருந்து சின்ன எழுத்துக்கு மாற்றினாள், சொல்லுக்குச் சொல் உருவம் வந்தது. சிவப்பை எடுத்துவிட்டு வெளிர்மஞ்சளில் கறுப்பு எழுத்து. வாக்கியத்துக்கு இடம் தர, படத்தையே சின்னதாக்கினாள்.

முதல் தாள் வந்ததும் எதிர்க்கடைச் சுவரில் ஒட்டச் சொல்லிவிட்டு வாசலில் நின்று பார்த்தாள். தெளிவாகத்தான் தெரிந்தது. ஆனால் அவளுக்குத்தான் அது மனப்பாடமாயிற்றே, தெரியாமல் என்ன செய்யும்? தெருவில் போன ஒரு பால்காரரை மறித்தாள்.

"அண்ணே, அங்க என்ன எழுதியிருக்கு, படிங்களேன்."

அவர் சைக்கிளை விட்டு இறங்காமலே படித்தார். "காணவில்லை. வீட்டுக்குப் போகிறேன் என்பார். தனியே அனுப்பிவிடாதீர்கள்." பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "உங்க வீட்டுப் பெரியவராம்மா? எனக்கும் ரெண்டு குடுங்க, போற வழியில ஒட்டறேன்."

வெறுங்கையோடு திரும்பிய கணவனும் சேர்ந்துகொள்ள, அந்தப் பேருந்து போகிற பாதை நெடுக இருட்டிய பிறகும் ஒட்டினார்கள். அன்று இரவு வீட்டில் யாரும் படுக்கவில்லை. சக்கரம் அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். உட்கார்ந்தால் உயிர் போய்விடும் போலிருந்தது. மழை வருமா, பசை ஊறுமா, ஒட்டிய இடம் உயரமா, மனுஷன் எங்கே படுத்திருப்பார்? கேள்விகள் அவளைவிட வேகமாகச் சுற்றின. "கொஞ்சம் உக்காரேன்" என்றான் கணவன். அதுதான் காலையிலிருந்து அவன் அவளிடம் கனிவாகச் சொன்ன முதல் வார்த்தை. அதற்கும் அவள் உட்காரவில்லை.

விடிந்து கொஞ்ச நேரத்தில் ஒரு சலவைக் கடைக்காரர் கூப்பிட்டார். குரலில் குழப்பம்.

"ஏங்க, இந்த நம்பர் யாருது? இங்க ஒரு பெரியவர் வந்து, இந்த நம்பருக்கு உடனே போன் போடுங்கன்னு ஒரே பிடிவாதமா நிக்கிறார். யாரையோ காணோமாம்."

கடை, பாதையின் கடைசி நிறுத்தங்களில் ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தது. எதிரே மின்கம்பத்தில் மஞ்சள் சுவரொட்டி. உள்ளே முக்காலியில் மாமனார். சட்டை கசங்கியிருந்தது, செருப்பு ஒன்றைக் காணவில்லை. மூக்குக்கண்ணாடியை வீட்டு மேசைமேலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அது இல்லாமலே, சாலைக்கு இந்தப் பக்கம் இருந்தபடியே, அந்த மனிதர் அதைப் படித்திருக்கிறார்.

"தானே வந்துதாங்க கேட்டார்" என்றார் கடைக்காரர் தணிந்த குரலில். "பாவம் யாரோ, வீட்ல தவிச்சுப் போயிருப்பாங்க, போன் போட்டு இந்தப் பக்கம் தேடச் சொல்லுங்கன்னார். அப்புறந்தான் நான் படத்தையும் இவரையும் மாத்தி மாத்திப் பாத்தேன்."

கணவன் வாசலிலேயே நின்றுவிட்டான். சக்கரம் போய் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். மாமனார் அவளைக் கூர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை.

"நீங்கதான் அந்த வீட்டுக்காரங்களாம்மா? கிடைச்சுட்டாரா உங்க பெரியவர்?"

"கிடைச்சுட்டார் மாமா" என்றாள். அதற்கு மேல் தாங்கவில்லை. இத்தனை நேரம் எங்கோ அடைத்துக் கிடந்த அழுகை உடைத்துக்கொண்டு வந்தது.

மாமனார் பதறிப்போனார். அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"அதான் கிடைச்சுட்டாரே, அப்புறம் எதுக்கும்மா அழறீங்க?"