எக்ஸ்போர்ட் அமத்தின கை

வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் கடையிலிருந்து லண்டனுக்கும் கனடாவுக்கும் பார்சல் போகும். அனுப்புகிறவர்களின் பேர், விலாசம், போன் நம்பர் எல்லாம் கம்பியூட்டர் சிஸ்டத்தில் இருக்கிறது. எதிர்ப்பக்கம் இதே தொழிலில் புதுக்கடை ஒன்று திறந்ததும், எங்கள் வாடிக்கையாளர்களுக்கு அங்கிருந்து போன் போகத் தொடங்கியது. முதலாளிக்கு இருப்புக் கொள்ளவில்லை. எனக்கும்தான். எதிர்க்கடைக்காரனுக்கு நம்பர் கொடுத்தது எங்களில் ஒருவரோ என்று விளக்கேற்றும்போதும் அதே யோசனை.

முதலாளி சிஸ்டம் கொம்பனிக்குப் போன் அடித்தார். ஸ்பீக்கரில் ஒரு பிள்ளை கதைத்தது.

"சேர், உங்கட ஸ்டாஃப் எல்லாருக்கும் எக்ஸ்போர்ட் உரிமை இருக்கு. அந்தப் பட்டனை அமத்தினா முழு கஸ்டமர் லிஸ்ட்டும் ஒரே ஃபைலா இறங்கும். ஆர் இறக்கினது எண்டும் பார்க்கலாம்."

பார்த்தோம். வரிக்கு வரி ஒரே பேர். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸேறி வந்து எங்களுக்குப் பெட்டி கட்டுகிறவர். என்னை அக்கா என்பார். இரண்டு பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

"எதிர்க்கடைக்காரன் உனக்கு என்ன தந்தவன்?" என்று அவரைக் கூப்பிட்டுக் கேட்டார் முதலாளி.

"மாதாவே! என்ன முதலாளி கேக்குறீங்க? பெட்டி லொறியில ஏறினதும் எக்ஸ்போர்ட் அமத்துறேன். பார்சல் போறது எக்ஸ்போர்ட் தானே?"

"ஆரடா அப்பிடிச் சொன்னது?"

"நீங்க தான். சிஸ்டம் போட்ட அன்னைக்கு, 'எக்ஸ்போர்ட் தானே எங்கட தொழில், எல்லாருக்கும் அதில டிக் போடுங்கோ'ன்னு சொன்னீங்களே."

போனில் அந்தப் பிள்ளை இருமியது. சிரிப்பை அடக்கிய இருமல்.

"ஓம் முதலாளி, அப்பிடித்தான் சொன்னீங்கள்," என்றேன்.

போனில் அந்தப் பிள்ளை தொடர்ந்தது. "அந்த டிக்கை இப்ப எடுத்துவிடுறன் சேர். இனி எக்ஸ்போர்ட் உங்களுக்கு மட்டும். மற்ற ஆக்கள் ஒவ்வொரு கஸ்டமரா திறந்து வேலை செய்யலாம், லிஸ்ட்டா இறக்க ஏலாது. ஆனா முந்தி இறக்கின ஃபைலுகளை நான் இங்கயிருந்து அழிக்க ஏலாது. உங்கட கம்பியூட்டரில பாருங்கோ."

அவை அப்படியே கிடந்தன, ஒன்றன் கீழ் ஒன்றாக. எல்லாவற்றையும் அழித்தேன். ஆனால் அந்தக் கம்பியூட்டர் கவுண்டரில் இருப்பது. வந்து போகிறவர்கள்கூட அதில் இருந்து மெயில் பார்ப்பார்கள். யாராவது ஒரு பிரதி எடுத்திருந்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்? பின்னேரம் கோயிலில் நின்று, முருகா, இந்தப் பெட்டி கட்டுகிறவர் மேல் பழி விழக்கூடாது என்று மட்டும் கேட்டேன். மனம் ஆறவில்லை.

முதலாளி அவரை வேலையிலிருந்து நிற்பாட்டவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அடுத்த நாள் லொறி பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனதும் பெட்டி கட்டுகிறவர் கம்பியூட்டருக்கு முன்னால் வந்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"அக்கா, இனி என்னத்த அமத்துறது?"

"ஒண்டும் அமத்த வேண்டாம்."

"முதலாளி பார்த்துக்கிட்டு இருக்கார். நீங்க கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

சத்தமாகச் சொன்னேன்.