நான் கிழித்த மஸ்டர் தாள்கள்

அரசு நிறுவனம் ஒன்றின் கட்டுமானப் பிரிவில் நான் ஸ்டோர் அட்டெண்டராக இருந்தேன். பட்டான்செரு பக்கம் ஒரு தொழிற்சாலைக்குக் கட்டடங்களும் சாலைகளும் போட்டுக் கொடுத்தோம். வேலை முடிந்தது. அந்த முகாமை மூட வேண்டும் என்று செகந்திராபாத் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது.

ஒரு முகாமைத் திறப்பதற்கு ஆகும் செலவு எல்லோருக்கும் தெரியும். மூடுவதற்கும் செலவு உண்டு என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எங்கள் கணக்கு அதிகாரி அதற்கென்று ஒரு மதிப்பீடு தயாரித்தார். அவர் திருநெல்வேலிக்காரர். நான் தேநீர் வைக்கப் போகும்போதெல்லாம் அந்தத் தாள் மேசையில் இருக்கும். நான்கு தலைப்புகள். வேலையாட்களுக்குக் கடைசிக் கணக்கு, அதாவது நிலுவைச் சம்பளம், நோட்டீஸ் சம்பளம், சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் கூலி. இரண்டாவது, பொருள்களை ஏலம் விட ஆகும் செலவு. மூன்றாவது, பதிவேடுகளைக் கட்டி செகந்திராபாத் கிடங்குக்குக் கொண்டுபோய் வைக்கும் செலவு. நான்காவது, தணிக்கைக்கு வருகிறவர்களின் தங்குமிடமும் படியும்.

"ஏலத்துல வர்ற காசை எடுத்து இதுக்கெல்லாம் குடுத்துரலாமே சார்" என்று ஒரு நாள் கேட்டேன். அவரிடம் நானாகப் பேசியது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

"குடுக்க முடியாதுப்பா. வர்றது தனி, போறது தனி. விற்ற காசு முழுசா தலைமை அலுவலகத்துக்குப் போயிரணும். செலவுக்கு அவங்க அனுமதி குடுத்த தொகைதான். ஒரு ரூபா கூடினாலும் திருப்பி எழுதி வாங்கணும்."

எனக்கு இரண்டு வேலைகள் கொடுத்தார். விற்க வேண்டிய பொருள்களில் சாக்கட்டியால் எண் போட வேண்டும். அழிக்க வேண்டிய பழைய காகிதங்களைக் கிழித்துச் சாக்கில் போட வேண்டும். பழைய ரசீது வெளியே போய் மறுபடி யார் கையிலாவது பயன்பட்டுவிடக் கூடாது என்பதற்காக, கிழிக்காத காகிதத்தை எடைக்குப் போடுவதில்லை.

"ரெண்டாவது பீரோ, கீழ் ரெண்டு தட்டு. தணிக்கை முடிஞ்சு காலம் தாண்டினது. அதை மட்டும் கிழி" என்றார்.

கொட்டகையில் பீரோக்கள் ஒரே வரிசையில் நின்றன. எதிலிருந்து எண்ணுவது, கதவுப் பக்கமிருந்தா, ஜன்னல் பக்கமிருந்தா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்கப் போனேன். அவர் தொலைபேசியில் இருந்தார். வாசலில் சிறிது நேரம் நின்றேன். அவர் தலை நிமிர்ந்து "என்ன?" என்பதுபோல் பார்த்தார். "ஒண்ணுமில்ல சார்" என்று திரும்பிவிட்டேன். நான் ஐந்தாவதுவரை தமிழில் படித்தவன். உறைகளின்மேல் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரியவில்லை என்று சொல்லவும் தெரியாது. கதவுப் பக்கமிருந்து எண்ணினேன்.

இரண்டு நாள் கிழித்தேன். நான்கைந்து தாளாகச் சேர்த்துப் பிடித்து நடுவில் ஓர் இழுப்பு. விரல் கணுக்கள் சிவந்துபோயின. காகிதத்தை வாங்கியவர் செகந்திராபாத்தில் எடைக்கடை வைத்திருந்த ஒரு பாய். எல்லாச் சாக்குகளையும் எடை போட்டு, பணத்தைக் கட்டி ரசீது வாங்கி, முதல் நடையில் ஆறு சாக்குகளை ஏற்றிக்கொண்டு போனார். மீதி ஒன்பது சாக்குகள் திங்கட்கிழமைக்கு என்று கொட்டகையில் கிடந்தன.

சனிக்கிழமை கடைசிக் கணக்குப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். தண்ணீர் கொடுக்கும் அம்மா என்னைத் தேடி வந்தாள். தர்மபுரிப் பக்கத்துக்காரி. அறுபது ஆட்களுக்குக் குடம் சுமந்தவள். வாசிக்கத் தெரிந்தவர்களிடம் போகாமல் என்னிடம் வந்ததற்குக் காரணம், நான் எதிர்க்கேள்வி கேட்க மாட்டேன் என்பதாக இருக்கலாம்.

"அண்ணா, எனக்கு ஏழு வருசம்னு போட்டிருக்காங்களாம். நான் பதினொண்ணு செஞ்சிருக்கேங்க."

"மேல நாலு வருஷம் எங்க இருந்தீங்க?"

"கல்லு ஒடைக்கிற எடத்துல. குவாரி மூடினப்போ அல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க. என்னைய மட்டும் இங்க தண்ணிக்குக் கூட்டியாந்தாங்க."

அவள் நான்கு விரல்களைக் காட்டினாள். "இந்த நாலு வருசக் காசுலதான் புள்ளைய ஐ.டி.ஐ.ல சேக்கணும். பத்து தேதிக்குள்ள கட்டச் சொல்லியிருக்காங்க."

அதிகாரியிடம் கூட்டிப் போனேன். அவர் சலிக்காமல் கேட்டார். "குவாரி மஸ்டர் ரோல் இருந்தா போதும். தினக்கூலி வருகைத் தாள், கைநாட்டோட. தணிக்கைக்காரங்க அசல் தாள் கேப்பாங்க. ஒரு வருஷத்துல இருநூத்து நாப்பது நாள் வேலை செஞ்சதாக் காட்டணும். இருக்கு, பயப்படாதீங்கம்மா." என் பக்கம் திரும்பினார். "கதவுலேர்ந்து ரெண்டாவது பீரோ, கீழ்த் தட்டு. எடுத்துட்டு வாப்பா."

கிழிக்கச் சொன்னபோது அவர் ஜன்னலிலிருந்து எண்ணியிருக்கிறார் என்பது எனக்கு அந்த நொடியில் புரிந்தது. கொட்டகைக்குப் போய்க் காலியான தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது அந்த அம்மா வெளியே உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழாதபடி சொன்னேன்.

"கிழிச்சிட்டேன் சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டவில்லை. "எவ்வளவு போயிருச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"ஆறு சாக்கு. ஒன்பது இருக்கு."

பாயைத் தேடி நானே பஸ் ஏறிப் போனேன். முதலில் போன சாக்குகள் அன்று காலையே காகித ஆலைக்கு லாரியில் ஏறிவிட்டன என்றார். மீதிச் சாக்குகளைப் பிரிக்க வேண்டும் என்று கெஞ்சினேன்.

"காய்கு, எதுக்கு? கிழிச்சுட்டு ஒட்டுறதா?" என்று சிரித்தார். "பிரிங்க, பரவால்ல. ஆனா எடைக்குக் காசு கட்டியாச்சு. எத்தனை கிலோ எடுக்கிறீங்களோ அத்தனை கிலோ வேற பேப்பர் போடணும். காசைத் திருப்பிக் குடுக்கிறேன்னு சொல்லாதீங்க, நக்கோ. உங்க ஆபீஸ்ல அதுக்கு ஆறு மாசம் நடக்கணும்."

அது உண்மைதான். வரவு வைத்த பணத்தைத் திருப்ப எங்களுக்கு அதிகாரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அதிகாரி தம் வீட்டில் சேர்ந்திருந்த பழைய செய்தித்தாள்களை எல்லாம் ஸ்கூட்டரின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். "வீட்டுக்காரம்மா இதைப் போட்டு எவர்சில்வர் டப்பா வாங்கலாம்னு வச்சிருந்தா. போச்சு" என்று இறக்கினார்.

ஒன்பது சாக்குகளையும் கொட்டினேன். அவள் பெயரை ஆங்கிலத்தில் ஒரு துண்டுத் தாளில் அவர் எழுதிக் கொடுத்தார். அந்த எழுத்துகளின் வடிவத்தை வைத்துத் தேடினேன். இடப் பாதியில் பெயர் இருக்கும். வலப் பாதியில் மொத்த நாளும் தொகையும் கைநாட்டும். நான் சேர்த்துப் பிடித்துக் கிழித்ததால் நான்கைந்து தாள்களுக்கு ஒரே மாதிரி ஓரம். ஓரம் பொருந்தினாலும் அது வேறு மாதத் தாளாக இருக்கும். மசியின் நிறம், வரிசையில் யார் எந்த நாள் வரவில்லை என்ற புள்ளி, இவற்றைப் பார்த்துத்தான் சேர்க்க முடிந்தது. அந்த அம்மாவும் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது; ஆனால் தாளின் கைநாட்டுகளைப் பார்த்து, "இது மழைக்காலம், ஆளு கம்மி" என்று சொல்வாள். பல தடவை சரியாக இருந்தது.

"யாருண்ணா இதைக் கிழிச்சது, இப்படிக் கோணக்கோணையா?" என்றாள்.

"நான்தான்."

கையிலிருந்த துண்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "கிழிக்கிறப்பவாச்சும் நேரா கிழிக்கக் கூடாதா" என்று சொல்லி அடுத்த கட்டை இழுத்துக்கொண்டாள்.

மூன்று நாள் ஆயிற்று. பின்பக்கம் மெல்லிய காகிதம் வைத்துப் பசை போட்டு ஒட்டினோம். மூன்று ஆண்டுகளுக்கு நாள் கணக்கு நிறைந்தது. முதல் ஆண்டுக்கு நான்கே மாதத் தாள்கள் கிடைத்தன. மற்றவை ஆலைக்குப் போன சாக்குகளில் இருந்திருக்க வேண்டும். தணிக்கைக்கு வந்திருந்தவர் ஒட்டிய தாள்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒவ்வோர் ஒட்டின்மேலும் கணக்கு அதிகாரி கையெழுத்துப் போட்டால் ஏற்பேன், ஆனால் ரொக்கப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்க இரண்டு நாள் கூடுதலாகத் தங்க வேண்டும் என்றார். முதல் ஆண்டை ஏற்க முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

ஆகவே மதிப்பீட்டில் இரண்டு இடங்கள் மாறின. கடைசிக் கணக்கில் மூன்று ஆண்டு கூடியது. தணிக்கையில் இரண்டு நாள் கூடியது. பதிவேடுகளுக்கு எழுதியிருந்த மரப்பெட்டிகளில் சிலவற்றை அதிகாரி குறைத்துப் பார்த்தார். அப்படியும் தொகை மீறியது. திருத்திய மதிப்பீட்டை என் கையில் கொடுத்து செகந்திராபாத்துக்கு அனுப்பினார். "முகாம் மூடுற தேதிக்குள்ள கையெழுத்து வரணும். தாண்டினா இந்தக் கணக்கே முடிஞ்சிரும். அப்புறம் அவங்க தனியா கேஸ் போட்டுத்தான் வாங்கணும்."

தலைமை அலுவலகத்தில் நிதி அதிகாரியின் அறைக்கு வெளியே மதியம் வரை உட்கார்ந்தேன். உள்ளே கூப்பிட்டார்கள். அவர் தெலுங்கர், எனக்குப் புரிய வேண்டும் என்று ஹிந்தி கலந்து பேசினார். காகிதத்தில் 'தவறுதலாகக் கிழிக்கப்பட்டவை' என்று எங்கள் அதிகாரி எழுதியிருந்தார். யார் கிழித்தது என்று எழுதவில்லை.

"யார் கிழித்தது?" என்று கேட்டார்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். தெரியாது என்றால் போதும். ஆனால் கோப்பு திரும்பிப் போய் விளக்கம் வாங்கி வருவதற்குள் தேதி போய்விடும் என்று தெரிந்தது. பதிவேடுகள் போகும் அதே செகந்திராபாத் கிடங்கில் எனக்கு மாற்றல் தருவதாகப் பேச்சு இருந்ததும் நினைவுக்கு வந்தது.

"நான்தான் சாப். எந்தப் பீரோன்னு கேக்காம கிழிச்சேன். கேக்க வெக்கமா இருந்துச்சு." பாதி ஹிந்தி, பாதி தமிழ்.

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அந்த அம்மா என்ன வேலை செய்தாள் என்று விசாரித்தார். தண்ணீர் கொடுத்தாள் என்றேன். கோப்பில் கையெழுத்துப் போட்டு, வேறொரு தாளில் எனக்கு ஓர் எச்சரிக்கைக் குறிப்பும் எழுதினார். இரண்டையும் ஒன்றாகவே என் கையில் கொடுத்தார். அந்தக் குறிப்பு என் பணிப் பதிவேட்டில் கடைசிவரை இருந்தது. மாற்றலும் கிடைத்தது.

பணம் கொடுத்த நாளில் அந்த அம்மா பத்து ஆண்டுக்கான தொகைக்கு எதிரே கட்டைவிரலை வைத்தாள். நான் என் சட்டைப் பையில் ஒரு கவரை வைத்திருந்தேன். விட்டுப்போன ஓர் ஆண்டின் பதினைந்து நாள் கூலி. கொட்டகைக்குப் பின்னால் அவளைக் கூப்பிட்டு நீட்டினேன்.

"என்னங்கண்ணா இது?"

"நான் கிழிச்ச வருஷத்துக்கு."

அவள் கவரைத் தொடவில்லை. "ஐ.டி.ஐ.க்கு இப்ப வாங்கினதே போதும். அந்த வருசம் நான் வேலை செஞ்சேன்னு நீங்க எழுதி வச்சுக்குங்க, அது போதும்" என்று சொல்லி, ரூபாய் நோட்டுகளை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னாள். இப்போதுதான் எழுதுகிறேன். அவள் குவாரியில் முதல் ஆண்டும் வேலை செய்தாள். நாள் தவறாமல் செய்தாள்.