திங்கட்கிழமைக்கு மாமா கொடுத்த ஒரு நட்சத்திரம்

எங்கள் வாடிக்கு எதிராக யாரோ பெட்டிசம் எழுதி முறையிட்டுவிட்டார்கள் என்ற செய்தி வந்த அன்றே, நான் துப்பறியத் தொடங்கிவிட்டேன். யாரும் கேட்கவில்லை. எனக்குப் பத்து வயது. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்காமல் இருக்க அதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

வாடி என்றால் கடற்கரையில் ஓலை வேய்ந்த கொட்டில். அதன் முன்னால் அப்பா மீன் வெட்டி, உப்பிட்டு, கருவாடு காயப்போடுகிற மணல் துண்டு. எங்கள் வீட்டுச் சோறு அந்த மணலில்தான் காய்ந்தது. கிராம சேவகரான ஜீ.எஸ். ஐயா பெட்டிசத்தின் பிரதி ஒன்றை அப்பாவின் கையில் கொடுத்து, அடுத்த கிழமை அளக்க வருவார்கள், எல்லை தாண்டியிருந்தால் கொட்டிலைக் கழற்றச் சொல்வார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். டைப் அடித்த தாள். கருவாடு நாறுகிறது, கொட்டில் எல்லை தாண்டி நிற்கிறது என்று முறைப்பாடு. கீழே பெயர் இல்லை. "இப்படிக்கு, பாதிக்கப்பட்ட பொதுமக்கள்."

அந்தப் பொதுமக்கள் யார் என்பதுதான் பிரச்சினை. அப்பா முதலில் பக்கத்து வாடிக்காரரைச் சந்தேகப்பட்டார். பிறகு ஐஸ் கொண்டுவருகிற லொறிக்காரர். பிறகு, இரண்டு வருடத்துக்கு முன் வலை கேட்டு நாங்கள் கொடுக்காத ஒருவர். அம்மா கடைக்குப் போய்வந்தால், யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்று அப்பா கணக்குக் கேட்பார். சிரித்தவர்கள் மேல்தான் சந்தேகம் கூடியது.

நான் வெளியே தேடவில்லை. வீட்டுக்குள்ளேயே தேடினேன். அங்கேதான் மாமா இருந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. கற்பிட்டிப் பக்கம், பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரர்கள் தங்கும் ஒரு ஹோட்டலில் வேலை. எங்கள் வீட்டு முன்னறையில் படுத்து, விடிய மோட்டர் சைக்கிளில் போய், இருட்ட முன்னம் வருவார். ஒருநாள் அவர் வேலைக்குப் போனபின் அவரது மெத்தையைக் கிளப்பிப் பார்த்தேன். கீழே ஒரு கட்டுத் தாள். ஹோட்டலில் விருந்தினர்கள் கருத்து எழுதுகிற படிவங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஐந்து வெற்று நட்சத்திரங்கள். எல்லாத் தாளிலும் ஒரே ஒரு நட்சத்திரம் மட்டும் நீலப் பேனையால் நிரப்பப்பட்டிருந்தது. கீழே மாமாவின் எழுத்து.

"திங்கட்கிழமை. பல வருடங்களாகப் பாவித்து வருகிறேன். ஒவ்வொரு முறையும் ஞாயிறு முடிந்த கையோடு கதவைத் தட்டுகிறது. மாற்றித் தரும்படி கேட்டேன். செவ்வாயைக் காட்டினார்கள். அதுவும் பாவித்ததுபோலவே இருந்தது."

"மழை. படத்தில் காட்டியதைவிட ஈரமாக இருந்தது."

"வாடைக்காற்று. எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தேன். பொறுப்பான பதில் எதுவும் கிடைக்கவில்லை."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மயிர்க்கூச்செறிந்தது. பெட்டிசமும் இப்படித்தானே எழுதியிருந்தது, மரியாதையாக, கோபமாக, "விசாரித்தேன்" என்றெல்லாம்! மாமா முறைப்பாடு எழுதிப் பழகுகிறார் என்று விளங்கிவிட்டது. திங்கட்கிழமையில் தொடங்கி, மழையில் தேறி, காற்றில் கை நன்றாகத் திருந்தி, அடுத்த தாளில் வந்து நிற்கிறார்:

"கருவாட்டு மணம். முன்பதிவு செய்யவில்லை. ஆனாலும் அறையில் எனக்கு முன்னமே வந்து படுத்திருந்தது. வெளியேறும்படி கேட்டேன். என் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னோடு வேலைக்கு வந்தது. ஒரு நட்சத்திரமும் நேரம் தவறாமைக்கு மட்டுமே."

தாளை எடுத்துக்கொண்டு வாடிக்கு ஓடினேன்.

அன்று பின்னேரம் மாமா வந்து ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் அப்பா தாளை நீட்டினார்.

"மச்சான், இது ஆரு எழுதினது?"

"நான்தான் அத்தான். சும்மா பகிடிக்கு."

"பகிடியா? ரெண்டு தரம் வாசிச்சன். சிரிக்கிற இடம் எங்க இருக்கு, காட்டு."

மாமா என்னைப் பார்த்தார். நான் கதிரைக்குப் பின்னால் போய் நின்றேன்.

"அத்தான், ஹோட்டலுக்கு வாறாக்கள் இன்டர்நெட்ல எழுதுறதுக்கு நான்தானே பதில் போடுறது. ஒருத்தர் ஒரு ஸ்டார் குடுத்துட்டு எழுதியிருந்தார், கடல் ராவெல்லாம் சத்தம் போடுதாம். நான் என்ன செய்ய? 'உங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்' எண்டு எழுதினன். கடலுக்காக நான் மன்னிப்புக் கேக்கிறன்! அண்டைக்குத் தொடங்கினதுதான் இது."

"அதுக்கு?"

"அந்த மனுசன் பகிடி விடேல்ல. உண்மையாத்தான் எழுதினவர். அதாலதான் சிரிப்பு வந்தது. அதே மாதிரி நாங்களும் மூஞ்சிய வச்சுக்கொண்டு எழுதோணும். எழுதுற ஆள் சிரிச்சா பழுதாப் போயிடும். ஒரு அறையப் பற்றிச் சொல்ற குறை எல்லாத்தையும் திங்கக்கிழமைக்குச் சொல்லோணும், ஒண்டும் கூட்டாம, நீதியா. அதுக்கு ஆர் வந்து பதில் சொல்லப் போகினம்? மழைக்கு மனேஜர் ஆரு? ஒருத்தரும் இல்ல. அதுதான் பகிடி."

அப்பா தாளை இன்னொரு தரம் பார்த்தார்.

"திங்கக்கிழமைக்கு ஆள் இல்லத்தான். மழைக்கும் ஆள் இல்ல. கருவாட்டுக்குப் பதில் சொல்ல நான் இருக்கிறன் மச்சான்."

மாமாவின் முகம் விழுந்துவிட்டது.

அம்மாதான் குசினிக்குள்ளிருந்து வந்து, பெட்டிசத்தையும் மாமாவின் தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டு பேரும் வாய மூடிக்கொண்டு இதக் கேளுங்க." பெட்டிசத்தைச் சத்தமாக வாசித்தார். "'சகிக்க முடியாத, தாங்க முடியாத, வார்த்தையால் சொல்ல முடியாத துர்நாற்றத்தால் தலவில தேவாலயத் திருவிழாவுக்குச் செல்லும் யாத்திரிகர்கள் வீதியில் மயங்கி விழுகின்றனர்.' ஆரு விழுந்தது? எந்த இடத்தில? ஒண்டும் இல்ல. என்ர தம்பி எழுதியிருந்தா விழுந்தவன் போட்டிருந்த செருப்புக்கும் நிறம் எழுதியிருப்பான். இவன்ர தாளில சட்டை இருக்கு, படுக்கை இருக்கு. பெட்டிசத்தில வெறும் முடியாத, முடியாத, முடியாத. பெட்டிசம் இவன்ர வேலையில்ல."

பிறகு பெட்டிசத்தை மறுபடியும் தூக்கி, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், "பாதிக்கப்பட்ட பொதுமக்கள். ஒரு நட்சத்திரம்" என்றார்.

அப்பாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. மூக்கால் வெடித்து, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தக் கிழமையில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. நாங்களும் சிரித்தோம். ஆனாலும் சிரித்து முடித்து கண்ணைத் துடைத்தபின், மாமாவின் தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திருப்பிக் கொடுக்கவில்லை. மாமா அதைப் பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார்.

சொன்னபடி அளக்க வந்தார்கள். நாடா பிடித்தார்கள், மணலில் முளை அடித்தார்கள், எங்கள் கொட்டில் எங்கள் எல்லைக்குள் ஓரடி மிச்சம் வைத்தே நிற்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்கள். வாடி தப்பியது. பெட்டிசம் போட்டவர் யார் என்று இன்றுவரை தெரியாது. அப்பா இன்னும் கடைத்தெருவில் சிரிப்பவர்களை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்.

அடுத்த ஞாயிறு மாமா பையைக் கட்டினார். ஹோட்டலில் வேலை கூடவாம், இனி அங்கேயே தங்கப்போகிறாராம். அம்மா "ஏன்டா திடீரெண்டு?" என்று இரண்டு முறை கேட்டார். அப்பா ஒரு முறையும் கேட்கவில்லை. எனக்கோ வேறு கவலை. மாமா போனால் தாள்களும் போய்விடும். அதற்குள் அவை எல்லாம் எனக்குப் பிடித்துப்போயிருந்தன. பள்ளிக்கூடத்தில் நானே "கணித பாடம். ஒரு நட்சத்திரம்" என்று எழுதி, பெயர் வாங்கத் தொடங்கியிருந்தேன்.

"மாமா, எனக்கும் ஒண்டு எழுதித் தாங்க."

"உனக்கா?"

"ஓம். என்னப் பற்றி."

கட்டிலில் உட்கார்ந்து, மடியில் ஒரு படிவத்தை வைத்து, ஒரு நட்சத்திரத்தை மெதுவாக, கோட்டுக்கு வெளியே மை போகாமல் நிரப்பினார். பிறகு எழுதினார்.

"மருமகள். முதலில் என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்."

அவ்வளவுதான். சட்டை இல்லை, படுக்கை இல்லை. நான் தாளைத் திருப்பியும் பார்த்தேன். ஆனாலும் ஒரு நட்சத்திரம் இருந்தது. அதுவே போதும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. எழுதுகிற ஆள் சிரிக்கக்கூடாதுதானே, எவ்வளவு நன்றாக முகத்தை வைத்திருக்கிறார் என்று இன்னும் பலமாகச் சிரித்தேன். மோட்டர் சைக்கிள் படலையைத் தாண்டுவதற்குள், எல்லோரும் பார்க்கட்டும் என்று அந்தத் தாளை அலுமாரிக் கதவில் ஒட்டியும்விட்டேன்.